டொனெபெசில்: பலனும் நாடியும்

அல்சைமர் என்று டாக்டர் சொன்னதும் சீட்டில் முதலில் எழுதப்படும் மாத்திரை அநேகமாக டொனெபெசில்தான். வீட்டார் அப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அம்மாவுக்கு ஞாபகம் திரும்புமா? சில வாரங்களில் வேறு கேள்விகள் வரும். சாப்பாடு ஏன் பிடிக்கவில்லை? காலையில் எழுந்தவுடன் ஏன் கண் இருட்டுகிறது? குளியலறையில் ஏன் விழுந்தார்? முதல் கேள்வியை நினைவு மருத்துவரிடமும், வயிற்றுக் கேள்வியை வீட்டருகே உள்ள டாக்டரிடமும், விழுந்ததை எலும்பு டாக்டரிடமும் கொண்டுபோகிறோம். மூன்றுக்கும் வேர் ஒரே மாத்திரையாக இருக்கலாம் என்பது பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவருகிறது. இந்த மாத்திரை எவ்வளவு தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளை வைத்து எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மாத்திரை செய்யும் வேலை

மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிடைல்கோலின். கவனம், புதிதாகக் கற்பது, நினைவில் இருத்துவது ஆகியவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இதைத் தயாரிக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பது 1976-இல் பிரிட்டன் ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. சுரப்பதைக் கூட்ட வழியில்லை என்றால், சுரந்ததைச் சிதையாமல் காக்கலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அசிடைல்கோலினைச் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதைத் தடுக்கும் முதல் மருந்தான டாக்ரின் 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் கல்லீரலைப் பாதித்ததால் அது நிலைக்கவில்லை. ஜப்பானின் ஐசாய் நிறுவனத்தில் ஹச்சிரோ சுகிமோட்டோ தலைமையிலான குழு 1983 முதல் உழைத்து உருவாக்கிய டொனெபெசிலுக்கு 1996 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கல்லீரலைக் கெடுக்காத, நாளுக்கு ஒரு வேளை போதுமான மருந்து என்பதால் அது உலகெங்கும் பரவியது.

ஊற்று வற்றிக்கொண்டிருக்கும் குளத்தில் வடிகாலை அடைத்தால் தண்ணீர் கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கும். ஊற்று வற்றுவது நிற்காது. டொனெபெசில் செய்வதும் அதுவே. அசிடைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதை அது தடுப்பதில்லை. 1998-இல் வெளியான முக்கிய ஆய்வொன்றில் 24 வாரம் மருந்து கொடுத்த பிறகு 6 வாரம் வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்துபோயிற்று. மருந்து நோயின் போக்கையே மாற்றியிருந்தால் அந்த வித்தியாசம் மிஞ்சியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அசிடைல்கோலின் மூளைக்கு மட்டும் சொந்தமானதல்ல. குடலை அசைப்பதும், வயிற்றில் அமிலத்தைச் சுரக்கச் செய்வதும், வேகஸ் நரம்பின் வழியே இதயத்தை மெதுவாக்குவதும் அதே பொருள்தான். ஆகவே குமட்டலும் மெதுவான நாடியும் இந்த மருந்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட கெடுதல்கள் அல்ல. மூளையில் நாம் விரும்பும் அதே விளைவு, நாம் விரும்பாத இடங்களில் நடக்கிறது.

பலன் எவ்வளவு?

ஆய்வுகளில் நினைவையும் சிந்தனையையும் அளக்க 70 புள்ளிகள் கொண்ட ஒரு சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். 2018-இல் காக்ரேன் அமைப்பு 30 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆறு மாத முடிவில் டொனெபெசில் எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சராசரியாக 2.7 புள்ளி அளவு மேலாக இருந்தார்கள். மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 30 புள்ளிச் சோதனையில் வித்தியாசம் சுமார் ஒரு புள்ளி. உடுத்துதல், உண்ணுதல் போன்ற அன்றாட வேலைகளிலும் சிறிய ஆதாயம் தெரிந்தது. நோயாளியின் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நேரில் பார்த்தால் புலப்படும் மாற்றத்துக்கு 70 புள்ளிச் சோதனையில் 4 புள்ளியாவது வேண்டும் என்பது இத்துறையில் பலகாலமாக இருக்கும் அளவுகோல். சராசரிப் பலன் அதை எட்டவில்லை.

சராசரி என்பது எல்லோருக்கும் ஒரே அளவு பலன் என்று பொருளல்ல. சிலருக்குக் கொஞ்சம் தெரியும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. இவ்வகை மருந்துகள் குறித்து 2003-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதை எண்ணிக்கையில் சொன்னது. ஒருவருக்குக் குறைந்தபட்ச முன்னேற்றம் கிடைக்க 12 பேர் மருந்து சாப்பிட வேண்டும். கண்கூடான முன்னேற்றம் ஒருவருக்குக் கிடைக்க 42 பேர் சாப்பிட வேண்டும். பக்கவிளைவு ஒருவருக்கு வரவும் 12 பேர் போதும். அதாவது சிறு நன்மையும் சிறு தொல்லையும் ஏறக்குறைய சம எடையில் நிற்கின்றன.

அப்படியானால் இது வீண் மருந்தா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் நடந்து 2012-இல் வெளியான டொமினோ ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது. ஏற்கெனவே டொனெபெசில் எடுத்துவந்த, நோய் நடுத்தரம் முதல் கடுமை வரை முற்றிய 295 பேரில் பாதிப் பேருக்கு அதைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்கள் 30 புள்ளிச் சோதனையில் சராசரியாக 1.9 புள்ளி மேலாக இருந்தார்கள். நிறுத்தியவர்களில் அதிகம் பேர் முதல் ஆண்டில் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தது என்று அதே நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் காட்டியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த வித்தியாசம் இல்லை. இதற்கு முன் 2004-இல், 565 பேரைக் கொண்ட இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு இல்லத்தில் சேர்ப்பதை மருந்து தள்ளிப்போடவில்லை என்று முடித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: சரிவைச் சில மாதங்கள் தள்ளிப்போடும் வாய்ப்பு உண்டு, தடுக்கும் வாய்ப்பு இல்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் எல்லை உண்டு. முழு மறதிநோயாக மாறாத லேசான ஞாபகக் குறைவுக்கு டொனெபெசில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. முதல் ஓராண்டில் அல்சைமராக மாறியவர்கள் சற்றுக் குறைவு. மூன்றாம் ஆண்டின் முடிவில் வித்தியாசம் இல்லை. நெற்றிப்புற மூளை சுருங்கும் வகை மறதிநோயில் இது உதவுவதில்லை, எரிச்சலையும் அமைதியின்மையையும் கூட்டவும் கூடும். லூயி உருண்டை மறதிநோயில் நல்ல பலன் தருவதுண்டு; ஜப்பான் 2014-இல் அதற்கும் அனுமதி வழங்கியது. வயதானால் வரும் சாதாரண மறதிக்கு இதில் வேலை இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவை மறதியைப் போலவே தோன்றும் என்பதால் அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

குமட்டல்: வேகம்தான் காரணம்

முதலில் தெரியும் தொல்லை வயிற்றில் வரும். குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை, சில சமயம் வாந்தி. இதில் ஆறுதலான செய்தி, தொல்லையின் அளவைப் பெரும்பாலும் நம்மால் கட்டுப்படுத்த முடியும் என்பது. 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரே வாரத்தில் 10 மில்லிகிராமுக்கு ஏற்றிய ஆய்வுகளில் 19 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. ஆறு வாரம் பொறுத்து ஏற்றியபோது 6 சதவீதம் பேருக்கே வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் அது 6 சதவீதம்தான். 5 மில்லிகிராமில் நான்கு முதல் ஆறு வாரம் இருந்த பிறகே 10-க்குப் போக வேண்டும் என்ற விதிக்கு இதுதான் ஆதாரம்.

இந்தக் காத்திருப்புக்கு மருந்தின் இயல்பும் ஒரு காரணம். டொனெபெசில் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 70 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. தினமும் ஒன்று சாப்பிட்டால் இரத்தத்தில் அளவு நிலைபெற இரண்டு, மூன்று வாரம் தேவை. முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று அளவை ஏற்றுபவர், முதல் அளவின் முழு விளைவைக் காணும் முன்பே இரண்டாவதை அடுக்குகிறார்.

குமட்டல் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுத்தால் மருந்து உறிஞ்சப்படுவதில் குறை வராது. இரவில் கொடுத்துப் பயங்கரக் கனவுகளோ தூக்கமின்மையோ வந்தால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் டாக்டரைக் கேட்காமல் பழைய 10 மில்லிகிராமிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது. கவனிக்க வேண்டியது எடை. மறதிநோயாளிகள் தாமாகவே மெலிவார்கள். அதனால் மருந்து பிடுங்கும் எடையும் நோயின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால் மட்டுமே இரண்டையும் பிரித்தறிய முடியும். அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்ற 23 மில்லிகிராம் மாத்திரை இந்தப் பாடத்தின் உச்சம். சோதனைப் புள்ளியில் சிறு ஏற்றமே கிடைத்தது. ஆனால் குமட்டல் 10 மில்லிகிராமில் 3 சதவீதமாக இருந்தது 12 சதவீதமாக உயர்ந்தது. ஒட்டுமொத்த நிலையில் வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை.

மெதுவாகும் இதயம்

வயிற்றுத் தொல்லை தானே வந்து சொல்லும். இதயத் தொல்லை சொல்லாது. வேகஸ் நரம்பின் பிடி இறுகும்போது, இதயத்தின் இயற்கையான துடிப்புத் தூண்டி சோர்கிறது. சிலருக்கு மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்சைகையும் தடைபடும். நாடி 60-க்குக் கீழே இறங்கி 40-களுக்கு வந்தால், எழுந்து நிற்கும்போது மூளைக்குப் போதிய இரத்தம் போகாமல் கண் இருண்டு விழுகிறார்கள். நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே துடிப்புத் தூண்டி பழுதாகி இருக்கும் முதியவருக்கும், இதயத்தை மெதுவாக்கும் வேறு மருந்து சாப்பிடுபவருக்கும்தான் ஆபத்து.

இதன் அளவைப் பற்றிய நல்ல கணக்கு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலிருந்து 2009-இல் வந்தது. இவ்வகை மருந்து சாப்பிட்ட 19,803 மறதிநோயாளிகளைச் சாப்பிடாத 61,499 பேருடன் ஒப்பிட்டார்கள். மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 18.6 பேர் என்றிருந்தது, மருந்து எடுத்தவர்களில் 31.5 ஆக இருந்தது. மெதுவான நாடிக்காக வந்தவர்கள் 4.4-க்கு எதிராக 6.9. பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் 3.2-க்கு எதிராக 4.7. இடுப்பெலும்பு முறிவும் சற்றே கூடுதல். இது மருந்துப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஒப்பீடு என்பதால் எல்லா வித்தியாசத்தையும் மருந்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளியான தொகுப்பும் மயக்கம் ஒன்றரை மடங்கு ஆவதைக் கண்டது. கீழே விழுதலிலும் எலும்பு முறிவிலும் தெளிவான ஏற்றத்தை அது காணவில்லை. இரு வழிகளும் ஒத்துப்போவதால் மயக்கம் உண்மையான ஆபத்து என்று கொள்ளலாம். அதே சமயம் ஆண்டுக்கு ஆயிரத்தில் கூடுதலாக 13 பேர் என்பது, பெரும்பாலோர் மயங்குவதில்லை என்பதையும் சொல்கிறது.

ஒன்டாரியோ கணக்கில் எண்ணிக்கை சிறிதென்றாலும் உற்றுப் பார்க்க வேண்டியது பேஸ்மேக்கர். மாத்திரையை நிறுத்தினாலே சரியாகக்கூடிய மெதுவான நாடியை இதய நோய் என்று எண்ணி, 80 வயதுக்காரருக்குக் கருவி பொருத்துவது நடக்கிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து வைத்தியம் செய்வதன் விலை உயர்ந்த வடிவம் அது. இதைவிட அரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இசிஜியில் க்யூடி இடைவெளி என்ற பகுதியை டொனெபெசில் நீட்டி, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டக்கூடும். பொட்டாசியம் குறைந்தவர்களும் இதே விளைவுள்ள மனநல மருந்துகளையோ சில ஆன்டிபயாடிக்குகளையோ எடுப்பவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

ஒரு நோயாளியின் கணக்கு

நடைமுறையில் இது எப்படி உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டாக விரித்துப் பார்ப்போம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 76, லேசான அல்சைமர். பிரஷருக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். கண் நீரழுத்தத்துக்கு இரு கண்ணிலும் டைமோலால் சொட்டு விட்டுக்கொள்கிறார். டொனெபெசில் 5 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம் கழித்து 10 ஆகிறது. மூன்று வாரம் போனபின் ஒரு காலை கழிப்பறையிலிருந்து வரும்போது முகம் வெளுத்து விழுகிறார். அரை நிமிடத்தில் தெளிந்துவிடுகிறார். வெறும் வயிற்றில் வந்த கிறுகிறுப்பு என்று வீட்டில் முடிவாகிறது. பக்கத்து கிளினிக்கில் தலைசுற்றலுக்குச் சின்னரிசின் எழுதுகிறார்கள். பத்து நாளில் மறுபடி விழுந்து நெற்றியில் தையல்.

இதற்குள் வீட்டுப் பிரஷர் கருவி உண்மையைப் பலமுறை காட்டியிருந்தது. 130/80 என்ற எண்ணைப் பார்த்து எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். அதன் கீழே சின்னதாக இருந்த 42 என்ற நாடி எண்ணை யாரும் வாசிக்கவில்லை. மருத்துவமனையில் எடுத்த இசிஜியும் அதையே சொன்னது. இதயத்தை மெதுவாக்கும் மருந்துகள் இங்கே மூன்று. மெட்டோபுரோலாலும் டொனெபெசிலும் வெளிப்படையானவை. மூன்றாவது கண் சொட்டு. டைமோலாலும் பீட்டா பிளாக்கர் இனம்தான். கண்ணிலிருந்து மூக்கு வழியே இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தொடும். கண் டாக்டர் கொடுத்தது என்பதால் மாத்திரைப் பட்டியலில் அதை யாரும் எழுதவில்லை. சின்னரிசினோ, அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் குணமும் உடையது. ஒரு மருந்து கூட்டியதை இன்னொரு மருந்து குறைத்துக்கொண்டிருந்தது. மயக்கத்தின் காரணம் அப்படியே இருந்தது.

டாக்டர்கள் டொனெபெசிலை உடனே நிறுத்துகிறார்கள். கண் டாக்டரிடம் பேசி, இதயத்தைத் தொடாத வேறு சொட்டுக்கு மாற்றுகிறார்கள். மெட்டோபுரோலாலைச் சட்டென்று விட்டால் பிரஷரும் நெஞ்சுவலியும் எகிறலாம் என்பதால் அவர்கள் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, வேறு பிரஷர் மருந்து சேர்க்கிறார்கள். இங்கே 70 மணி நேரக் கணக்கு மீண்டும் வருகிறது. நிறுத்திய மறுநாளே நாடி ஏறாது. மருந்து ஏறக்குறைய முழுவதும் வெளியேற இரண்டு வாரம் ஆகும். அதுவரை கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். இரண்டு வார முடிவில் நாடி 66. பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. மற்ற இரண்டும் மாறிவிட்டதால் 5 மில்லிகிராமில் மீண்டும் முயலலாமா என்ற கேள்வி எழுகிறது. பத்து வாரத்துக்கு மேல் சாப்பிட்டதில் அவரிடம் என்ன மாற்றம் கண்டீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது வீட்டாரிடம் பதில் இல்லை. மீண்டும் தொடங்காமல் விடுவதே சரி என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்

இந்த எடுத்துக்காட்டிலிருந்து நடைமுறை தானே தெளிகிறது. மாத்திரை தொடங்குமுன் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். முன்பு மயங்கி விழுந்திருந்தாலோ, இதயநோய் இருந்தாலோ, பீட்டா பிளாக்கர், டில்டியாசெம், வெரபமில், டிஜாக்சின் ஆகியவற்றில் ஒன்று எடுத்தாலோ இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது. நாடி ஏற்கெனவே 50-க்குக் கீழே இருப்பவருக்கும், காரணம் தெரியாமல் மயங்கியவருக்கும், அது தீர்க்கப்படும்வரை இந்த மருந்தைத் தொடங்காமல் இருப்பதே விவேகம். வயிற்றுப் புண், ஆஸ்துமா, வலிப்பு, சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண் சொட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடங்கியபின் முதல் மூன்று மாதமும், அளவை ஏற்றிய பிறகும், வாரத்துக்கு இரண்டு முறையாவது நாடி குறித்து வைக்கலாம். 50-க்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மயங்கி விழுந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்குமுன் டாக்டரிடம் பேச வேண்டும். அன்றே இசிஜி எடுக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு திரும்பாமை இருந்தால் 108-ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

பலனை அளக்க ஆய்வுப் புள்ளிகள் வேண்டாம். தொடங்கும் நாளில் மூன்று காரியங்களை எழுதி வையுங்கள்: சட்டைப் பொத்தான் தானாகப் போடுகிறாரா, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கேட்கிறார், உரையாடலில் பங்கெடுக்கிறாரா. மூன்று முதல் ஆறு மாதம் கழித்து அதே மூன்றையும் பாருங்கள். சரியாமல் அப்படியே இருந்தால் அதுவே பலன். வெகுவாகச் சரிந்திருந்தால், அல்லது தொல்லை மட்டும் மிச்சம் என்றால், நிறுத்துவதைப் பேசலாம். மயக்கம் போன்ற அவசரம் இல்லாதபோது 10-இலிருந்து 5 ஆக்கி நான்கு வாரம் வைத்து, பின் நிறுத்துவது வழக்கம். நிறுத்திய சில வாரங்களில் தெளிவாக மோசமானால் மீண்டும் தொடங்க டாக்டர் யோசிப்பார். அதனால் நிறுத்துவதும் ஒரு சோதனையே, கைவிடுவது ஆகாது.

டொனெபெசில் கொடுக்கத் தகுந்த மருந்துதான். அல்சைமர் உறுதியானவருக்கு, நாடி நன்றாக இருக்கும்போது, மெதுவாக ஏற்றி, தேதி வைத்து மறுபடி எடைபோடும் ஏற்பாட்டோடு. பலன் வந்தால் சிறிதாக வரும், வராமலும் போகலாம். ஞாபகம் திரும்பும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் யோசிக்காமல் கொடுக்கும் மருந்தல்ல இது. இதை எடுத்துவரும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று பிரஷர் பார்க்கும்போது கீழே உள்ள மூன்றாவது எண்ணையும் வாசித்து, தேதியோடு எழுதி வையுங்கள்.